நான் அழித்த ஐந்து மணி

நான் ஒரு மனிதனைச் சைக்கிள் பம்பால் அடித்து அவனுடைய ஒரு கண்ணைக் கெடுத்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், நடுவில் நான் எதையாவது நன்றாக எழுதிவிட, நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பார்கள். அது மரியாதைக்காகச் சொன்னது. உண்மையில் கோபம் என் கையில்தான் இருந்தது. பிரம்பு எடுக்க மறந்து வகுப்புக்குப் போனால் பையன்களுக்கு இன்னும் மோசம், வெறுங்கையால் வாங்குவார்கள். "எதுக்கெடுத்தாலும் உங்களுக்குக் கை நீளுது" என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். சோற்றுத் தட்டு சுவரில் போய் விழுந்தது. அதன் பிறகு அவள் சொல்லவில்லை.

இந்தக் கோபத்தை இறக்கி வைக்கத்தான் சைக்கிள் ஓட்டினேன் என்று அப்போது சொல்லிக்கொள்வேன். பேகம்பூரில் ஒரு சைக்கிள் கடை. அதன் முதலாளியை எல்லாரும் பாய் என்போம். என் வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். இளவயதில் மாவட்ட அளவில் பந்தயம் ஓட்டியவர். தொடை இரண்டும் தூண் மாதிரி இருக்கும், குரல் மட்டும் மெதுவாக வரும். அவருடைய கடையில் காற்றடிக்க வந்து போன நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். பதிவு, சந்தா எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது போய்த் திரும்புவோம், அவ்வளவுதான். பாய் தலைவர், நான் செயலாளர்.

செயலாளருக்கு ஒரே வேலை, பலகை. கடை வாசலில் ஒரு தகரப் பலகை மாட்டி, கரும்பலகைப் பெயிண்ட் அடித்து, வாரா வாரம் மாறாததை எல்லாம் வெள்ளை எனாமலில் எழுதி வைத்திருந்தோம். மாறுவதற்கு இடம் விட்டிருந்தோம். வாசகம் நான் எழுதியது. இன்றைக்கும் மனப்பாடம்.

ஞாயிறு காலைச் சவாரி.
பாதை: ............
கடினம்: எளிது / நடுத்தரம் / கடினம்
சந்திக்கும் இடம்: ............
சந்திக்கும் நேரம்: ............

அதற்குக் கீழே விதிகள். ஒற்றை வரிசையில் மட்டும் செல்க. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் போகக் கூடாது. குழி, கல், நாய் தென்பட்டால் முன்னால் செல்பவர் கையைப் பின்னால் நீட்டிக் காட்ட வேண்டும். மாற்று டியூபும் பம்பும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் ஐந்து நிமிடம்தான் காத்திருப்போம். யாரையும் வழியில் விட்டுவிட்டு வரக் கூடாது.

காலியிடங்களைச் சாக்பீஸால் நிரப்புவேன். சாக்பீஸ் பள்ளியிலிருந்து வரும். தாடிக்கொம்பு என்றால் எளிது என்பதற்குக் கீழே ஒரு கோடு. சிறுமலை மலைப்பாதை என்றால் யோசிக்கவே வேண்டாம், கடினம். நிலக்கோட்டை போக வர ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், மேடு பள்ளம் குறைவு, ஆகவே நடுத்தரம். ஆனி மாதம் மேல்காற்று அடிக்கும்போது அது நடுத்தரம் இல்லை, நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். அப்போதும் பலகையில் நான் நடுத்தரம் என்றுதான் கோடு போடுவேன். கடினம் என்று போட்டால் கூட்டம் குறையும். செயலாளருக்கு அது மரியாதைக் குறைச்சல்.

பாதையையும் கடினத்தையும் வெள்ளிக்கிழமை எழுதுவோம். நேரத்தை மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் வரை காலியாக விட்டு வைப்போம். இதற்குக் காரணம் உண்டு. முகூர்த்த நாளாக இருந்தால் நிலக்கோட்டைச் சாலையில் மல்லிகைப்பூ வேன்கள் பறக்கும். நிலக்கோட்டைச் சந்தையில் பூ ஏற்றி ஆறரைக்கு மேல் கிளம்பி, கல்யாண வீடுகளுக்குப் பூ வாடுவதற்குள் சேர்க்க வேண்டும் என்று தலைதெறிக்க வரும். அந்த நாட்களில் ஐந்து மணிக்கே கிளம்பி, வேன்கள் புறப்படும் நேரத்துக்கு நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும். அங்கே டீ குடித்து, இட்லி தின்று, வேன்கள் எல்லாம் போய் முடிந்த பிறகு ஏழரைக்குத் திரும்ப வேண்டும். பாய் கடைக் காலண்டரைப் பார்த்துத்தான் நேரம் சொல்வார். முகூர்த்தம் இல்லையென்றால் ஆறரை. எங்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், முதல் பூசை முடித்து வர அது வசதி.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு தடவை சனிக்கிழமை மழை பெய்து பலகையில் நேரம் கரைந்து போனது. ஆளுக்கொரு நேரத்தில் வந்து நின்று அடித்துக்கொண்டோம். அன்றிலிருந்து, நேரம் காலியாக இருந்தால் போன வாரத்து நேரமே என்று வைத்துக்கொண்டோம். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும்.

அந்த ஆனி மாதத்துச் சனிக்கிழமை. முந்தின வாரம் ஆறரைக்குத் தாடிக்கொம்பு போய் வந்திருந்தோம். இந்த வாரம் நிலக்கோட்டை. நான் சாக்பீஸோடு போய் நின்றேன். பாய் ஒரு ரிம்மைச் சுழலவிட்டுக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு முகூர்த்தம் சார். அஞ்சு போட்டுருங்க" என்றார்.

"ஆறரை போடுறேன். நாளைக்கு முதல் பூசையில எனக்கு வாசகம் இருக்கு."

கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கும் முறை அந்த வாரம் எனக்கு வந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். நான் அதற்கு வேட்டியைக்கூடக் கஞ்சி போட்டு வைத்திருந்தேன்.

"பூ வேனு வரும் சார். அஞ்சுக்குக் கெளம்புனாத்தேன் தோதுப்படும்."

"வேன் வந்தா வரட்டும். ரோடு அவன் அப்பன் வீட்டு ரோடா?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க" என்றார் பாய், ரிம்மிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பூசைக்குப் போங்க சார். நாங்க போயிட்டு வாரோம். ஒரு வாரம் வராட்டி என்ன?"

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். இன்றைக்கு எனக்கு அது சந்தேகமில்லாமல் தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டது வேறு. என் பலகை, என் வாசகம், என் சாக்பீஸ், நான் வராமலே சவாரி. காது சூடாகிவிட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை என்பதுதான் என்னைக் கிளப்பியது. ஓங்கி முகத்தில் விட்டேன். மூக்கின் மேல் விழுந்தது.

பாய் எழுந்தார். ரத்தம் மீசையில் இறங்கியது. ஒரே கையால் என் கழுத்தைப் பிடித்து, டயர்கள் தொங்கிய சுவரோடு சேர்த்து அழுத்தினார். எனக்குக் கால் தரையில் படவில்லை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. என்னைக் கொன்றிருக்க முடியும். நான் அவருடைய மணிக்கட்டைப் பல்லால் கடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு தானாகவே விட்டார்.

"சின்னப்புள்ளைங்கள அடிச்சு அடிச்சுப் பழகிட்டீங்க சார்" என்றார்.

கீழே விழுந்து உடைந்த சாக்பீஸில் ஒரு துண்டை எடுத்தார். வாசலுக்குப் போய், சந்திக்கும் நேரம் என்பதற்கு எதிரே 5.00 என்று எழுதினார். மூக்கைப் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்தேன். பலகை முன் நின்றேன். வலது உள்ளங்கையை வைத்து அந்த ஐந்து மணியைத் தேய்த்து அழித்தேன். ஆறரை என்று எழுதவில்லை. எழுதினால் நான்தான் மாற்றினேன் என்று தெரியும். காலியாக விட்டால் வழக்கம் என் பக்கம் பேசும். கோபத்திலும் எனக்குக் கணக்கு தவறுவதில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மறுநாள் பூசையில் வாசகம் வாசித்தேன். குரல் நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆறரைக்குச் சந்திக்கும் இடத்துக்குப் போனால் ஒரே ஒரு ஆள் நின்றார். ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், இருபத்தாறு, இருபத்தேழு வயது. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கியர் வைத்த புது சைக்கிள் வாங்கியிருந்தார். எங்களோடு அதுவரை இரண்டு தடவைதான் வந்திருந்தார், இரண்டும் தாடிக்கொம்பு.

"ஏனுங்க சார், நாம ரெண்டு பேரு தானுங்களா?" என்றார்.

"மத்தவங்க முன்னாடியே போயிட்டாங்க போல."

"நான் நேத்துச் சாயங்காலம் பலகையைப் பார்த்தனுங்க. நேரம் எழுதியிருக்கலீங்க. அப்போ போன வாரத்து நேரம்தானுங்களே? அப்படித்தானுங்களே சொல்லிக் குடுத்தீங்க?"

"அதேதான்" என்றேன்.

மூக்கில் ரத்தம் நிற்காமல், பாய் பலகையைத் திரும்பப் பார்க்காமலே கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, மற்றவர்களுக்கு நேரத்தை வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். இவர் எங்கே குடியிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இவருக்குப் பலகை மட்டும்தான். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம், இன்றைக்கு வேண்டாம், தாடிக்கொம்பு போய் வருவோம் என்று. பாயும் மற்றவர்களும் எனக்கு முன்னால் போகிறார்கள் என்ற எண்ணம் மண்டையில் ஆணியாக இறங்கியிருந்தது. அவர்களைத் துரத்திப் பிடித்துவிட வேண்டும், பாயின் முகத்துக்கு நேரே போய் இறங்க வேண்டும். நான் பெடலை மிதித்தேன்.

காற்று வலதுபுறத்திலிருந்து சாய்வாக அறைந்தது. நான் குனிந்துகொண்டு வெறி பிடித்தவன் போல ஓட்டினேன். பின்னால் அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. காற்றுக்கு மறைவு தேடி, கொஞ்சம் கொஞ்சமாக என் இடதுபுறம் ஏறி வந்தார். புதியவர்கள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். அவருடைய முன்சக்கரம் என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடியது. அதட்டிப் பின்னால் போகச் சொல்ல வேண்டியது முன்னால் போகிறவனுடைய வேலை. பார்த்தேன். சொல்லவில்லை.

"செத்த நேரம் நிறுத்தலாமுங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டார். காது கேட்காதது போல் போனேன்.

வழியில் எதிரே ஏழெட்டு வேன்கள் போயின. ஒவ்வொன்றும் போகும்போது மல்லிகை மணம் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. நிலக்கோட்டைக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில் சாலை லேசாக வளைகிறது. வளைவில் ஒரு குழி. எதிரே கடைசியாகக் கிளம்பிய வேன், பிந்திவிட்ட வேன், நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அது அதனுடைய பக்கத்தில் வந்தது. இதை நான் திரும்பவும் சொல்கிறேன். அது அதனுடைய பக்கத்தில்தான் வந்தது.

குழியைக் கடைசி நொடியில் பார்த்தேன். கை காட்டவில்லை. வெடுக்கென்று இடதுபக்கம் ஒடித்தேன். என் பின்சக்கரம் அவருடைய முன்சக்கரத்தைத் தட்டியது. அந்த நடுக்கம் என் இருக்கை வரை வந்தது. அப்படித் தட்டினால் முன்னால் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிறவன்தான் விழுவான். அவர் வலதுபக்கமாகச் சாய்ந்து, வந்த வேகத்தில் சறுக்கி, சாலையின் நடுவைத் தாண்டி விழுந்தார். பிரேக் கிறீச்சிட்டது. வேனின் முன்சக்கரம் அவருடைய வலது காலின் மேல் ஏறி இறங்கி, வண்டி அரைவட்டம் அடித்துப் புளியமரத்தில் உரசி நின்றது.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் கிடந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது. "அம்மா" என்றுகூட அவர் சொல்லவில்லை. "சைக்கிளுங்க, சைக்கிளப் பாருங்க" என்றார்.

அந்த ரத்தத்தை நிறுத்துவதுதான் நான் செய்திருக்க வேண்டியது. என் பையில் மாற்று டியூப் இருந்தது. என் கை அதற்குப் பக்கத்தில் இருந்த பம்பை எடுத்தது.

வேன் ஓட்டுநர் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், காக்கிச் சட்டை. வேகமாக வந்தது தெரிந்துதான் முகம் வெளுத்திருந்தது. "சாமி, நான் என் பக்கத்துலதேன் வந்தேன், அவரு வந்து விழுந்துட்டாரு சாமி" என்று கும்பிட்டபடியே வந்தார். கும்பிட்ட கைகளுக்கு நடுவே முகத்தில் பம்பை இறக்கினேன். இரும்புப் பம்பு. அவர் மண்டியிட்டார். மறுபடி இறக்கினேன். பூக்காட்டில் வேலையாக இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அடிபட்டுக் கிடக்கிறவரையும் அடிக்கிறவனையும் பார்த்தவர்களுக்கு நியாயம் யார் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்களும் உதைத்தார்கள். யாரோ வேனின் கண்ணாடியில் கல்லை எறிந்தார்கள். பூச்சாக்குகளை இழுத்துக் கிழித்தார்கள், சாலை முழுக்க மல்லிகை. நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை கத்தினேன், "எங்க பக்கம் ஏறி வாரியாடா!" கத்தக் கத்த அதை நானே நம்பத் தொடங்கினேன்.

யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். பாய். காற்றோடு திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள், கூட்டத்தைப் பார்த்து இறங்கியிருந்தார்கள். அவருடைய மூக்கு வீங்கியிருந்தது.

"அடிக்கணும்னா என்னைய வந்து அடிங்க சார். நேத்து அடிச்சீங்கள்ல!" என்றார். அவர் சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன்.

மாற்று டியூபை உருவி, வங்கிக்காரரின் தொடையில் சுற்றி, திருப்புளியை உள்ளே விட்டு முறுக்கினார். பீய்ச்சுவது நின்றது. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல அங்கே தொலைபேசி இல்லை. இருந்தது அந்த வேன் ஒன்றுதான். எங்களில் ஒருவருக்கும் வேன் ஓட்டத் தெரியாது.

ஓட்டுநர் தவழ்ந்து எழுந்தார். இடது கண் இருந்த இடத்தில் வெறும் ரத்தம். துண்டைக் கண்ணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"ஏத்துங்க" என்றார். "நான் ஓட்டுறேன்."

உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று முகத்தில் அறைய, ஒற்றைக் கண்ணோடு அந்த மனிதர் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி வரை ஓட்டினார். பின்னால் மிச்சமிருந்த பூச்சாக்கின் மேல் வங்கிக்காரரைக் கிடத்தி, பாய் திருப்புளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் எனக்கு மல்லிகை வாசம் ஆகாது. எழுந்து வந்துவிடுவேன்.

உயிர் பிழைத்தது, கால் போனது. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஓட்டுநருக்குக் கண் போனது.

ஆஸ்பத்திரியிலேயே போலீஸ்காரர் என்னிடம் வாக்குமூலம் கேட்டார். வாத்தியார் ஆயிற்றே, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். அழகான கையெழுத்தில் எழுதினேன். நாங்கள் ஒற்றை வரிசையில் சாலையின் இடதோரமாகச் சென்றுகொண்டிருந்தபோது, எதிரே அதிவேகமாக வந்த வேன் எங்கள் பக்கம் ஏறி மோதியது. கண் எப்படிப் போனது என்று கேட்டதற்குக் கண்ணாடி குத்திவிட்டது என்று ஓட்டுநரே சொல்லிவிட்டார். பயம். வழக்கு அவர் மேல் பதிவானது. உரிமம் போனது. தண்டனை வந்தால் சிறை.

சங்கம் அத்தோடு முடிந்தது. பாய் என்னிடம் பேசவில்லை. பலகையை வாசலிலிருந்து கழற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பலகை போனால் ஐந்து மணியும் போயிற்று. இரண்டு வருடம் அந்த நிம்மதியில் சோறு தின்றேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. நான்தான் முதல் சாட்சி. வங்கிக்காரர் இரண்டாவது சாட்சி. சாட்சிகளை ஒவ்வொருவராகத்தான் உள்ளே கூப்பிடுவார்கள் என்பதால் அவர் வராந்தாவில், ஊன்றுகட்டைகளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கறீங்களா சார்?" என்றார்.

கூண்டில் ஏறி எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. ஓட்டுநர் எதிரே நின்று ஒரு கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைத் தன் மேசையில் வைத்துப் பிரித்தார். தகரப் பலகை. அறையின் கடைசியில், கதவோரம், பாய் நின்றிருந்தார்.

"இதை எழுதுனது நீங்கதானா?"

"ஆமாம்."

"சத்தமா வாசிங்க."

வாசித்தேன். எனக்கு வாசிக்க நன்றாக வரும். ஞாயிறு காலைச் சவாரி. பாதை, நிலக்கோட்டை. சாக்பீஸ் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. நடுத்தரத்துக்குக் கீழே என் கோடு. சந்திக்கும் இடம், கடை வாசல். அடுத்த வரிக்கு வந்து நின்றேன்.

"மேல படிங்க சார்."

"சந்திக்கும் நேரம்."

"நேரம் என்ன?"

"ஒண்ணும் எழுதல."

"வெள்ளையா ஏதோ இருக்கே."

பாய் அதைத் துடைக்கவே இல்லை. இரண்டு வருடமாகச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். ஒரு உள்ளங்கை தேய்த்த தடம், நான்கு விரல் அகலம், சுண்ணாம்பு வெள்ளையாக. அதற்கடியில் ஐந்தின் வயிறு லேசாகத் தெரிந்தது.

"கைத்தடம்" என்றேன்.

"யாரோட கை?"

கதவோரம் பார்த்தேன். பாய் முகத்தில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. கடையில் ரிம் கோணல் எடுக்கும்போது இருக்கும் அதே முகம். என் கழுத்தைப் பிடித்த கை தானாகவே விட்டதே, அதுதான் நினைவுக்கு வந்தது.

"என்னோடது" என்றேன். "அஞ்சு மணின்னு எழுதியிருந்துச்சு. நான் அழிச்சேன்."

அதன் பிறகு வக்கீல் பலகையிலிருந்த விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒற்றை வரிசையில் போனீர்களா? இல்லை. அவருடைய சக்கரம் பக்கவாட்டில் வந்ததைப் பார்த்தீர்களா? பார்த்தேன். குழிக்குக் கை காட்டினீர்களா? இல்லை. வேன் யார் பக்கத்தில் வந்தது? அதன் பக்கத்தில். கண் எப்படிப் போனது? நான் அடித்தேன். அரசுத் தரப்பு வக்கீல் தன் கேஸ் கட்டை மூடிவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தட்டச்சு செய்யும் அம்மா ஒருமுறை நிறுத்தி, என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டினார்.

ஓட்டுநர் பிறகு விடுதலையானார். எனக்கு வேலை போனது, வழக்கும் வந்தது. அதெல்லாம் எனக்கு வர வேண்டியதுதான்.

அன்றைக்கு வெளியே வந்ததும் வங்கிக்காரர் முன்னால் போய் நின்றேன். உள்ளே சொன்னது அவருக்குத் தெரியாது. வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. பாய் ஐந்து மணி எழுதியதையும், நான் அழித்ததையும், அவருடைய சக்கரத்தைப் பார்த்தும் சொல்லாமல் போனதையும், கை காட்டாமல் ஒடித்ததையும் வரிசையாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

அவர் பெஞ்சைப் பிடித்து எழுந்தார். கட்டை ஒன்றை அக்குளில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை இரண்டு கையாலும் ஓங்கி என் தோளில் அடித்தார். எலும்பு சத்தம் போட்டது. நான் நகரவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கினார். ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர், ஓங்கிய வேகத்தில் நிலை தவறி சிமெண்ட் தரையில் முகம் அடிபட விழுந்தார். நான் தூக்கக் குனிந்தேன். "தொடாதீங்க!" என்று கத்தினார். அவர் பேச்சில் "ங்க" மட்டும் அப்போதும் போகவில்லை.

பின்னால் வந்த ஓட்டுநர் என்னைத் தாண்டிப் போய் அவரை அள்ளி எடுத்தார். பெஞ்சில் உட்கார வைத்தார். உதட்டு ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். கட்டைகளைப் பொறுக்கி அவர் கைக்கு எட்டும்படி சாய்த்து வைத்தார். அதன் பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அடிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல சார். வண்டி ஓட்டுறவன், எத்தனையோ எடத்துல அடி வாங்கியிருக்கேன்" என்றார். "நீங்க அந்த அஞ்சு மணிய மட்டும் விட்டு வச்சிருந்தா, இந்தத் தம்பி புளியமரத்தத் தாண்டிப் போகையில, நான் சந்தையில பூ ஏத்திக்கிட்டு நின்னுருப்பேன்."